3:1 லைகேஷனுக்கு எத்தனை நானோகிராம் இன்சர்ட்? பெட்-28ஏ-ல ஈஜிஎஃப்பி போட்ட கணக்கு

போன வாரம் லேப்ல பெட்-28ஏ வெக்டர்ல ஈஜிஎஃப்பி ஜீனை ஏத்துற வேலை. சாதாரண குளோனிங்தான், ரெண்டு பக்கமும் வெவ்வேற என்சைம், ஒரு பக்கம் என்டீ-1, இன்னொரு பக்கம் எக்ஸோ-1. இதுல லைகேஷன் டியூப்ல எதை எவ்வளவு போடணும்ங்கிற அந்த ஒரு கணக்கை மட்டும் இங்க முழுசா எழுதி வைக்கிறேன், ஏன்னா நிறைய பேர் ஃபார்முலாவை நெட்ல ஏதாவது கால்குலேட்டர்ல தட்டி நம்பரை எடுத்துடறாங்க, உள்ள போற நம்பர் சரியான்னு பாக்கறதில்ல. ஃபார்முலா ரொம்ப எளிசு, அது எப்பவும் சரியாத்தான் சொல்லும். பிரச்சினை வர்றது நாம கொடுக்கற நானோகிராம்லதான்.

முதல்ல நீளம். பெட்-28ஏ முழுசா 5369 பேஸ் பேர். என்டீ-1 வெட்டற இடம் 238-ல, எக்ஸோ-1 வெட்டற இடம் 158-ல, அதனால ரெண்டுலயும் வெட்டினா நடுவுல இருக்கற 80 பேஸ் பேர் துண்டு விழுந்துடும், மிச்சம் 5289. கணக்குல போட வேண்டியது இந்த 5289தான், பிளாஸ்மிட் மேப்ல மேல பெருசா எழுதியிருக்கற 5369 இல்ல. இங்க 80 பேஸ் பேர் வித்தியாசம் ஒண்ணரை சதவீதம்தான், ஒண்ணும் ஆகாது, ஆனா சில வெக்டர்ல நடுவுல ஒண்ணு ரெண்டு கிலோபேஸுக்கு ஃபில்லர் இருக்கும், அதை வெட்டி எறிஞ்சிட்டு கணக்குல மட்டும் கழிக்காம விட்டா நல்லாவே தப்பா போகும். இன்சர்ட் பக்கம் ஈஜிஎஃப்பி ஸ்டாப் கோடானோட சேத்து 720. பிரைமர்ல சைட்டும் அதுக்கு முன்னாடி ஆறு எழுத்து கூடுதலாவும் வச்சிருந்தேன், அதெல்லாம் வெட்டின பிறகு போயிடும், ஓவர்ஹேங்கோட சேத்தா ரெண்டு மூணு எழுத்து கூடும், அதுக்காக 720-ஐ மாத்த வேண்டியதில்ல. அதே சமயம் ஜீனோட நீளத்தைப் போடக்கூடாது, துண்டோட நீளத்தைப் போடணும், அதாவது ஜீனுக்கு முன்னாடி ஒரு புரோமோட்டரும் பின்னாடி ஒரு டேகும் சேத்து எடுத்திருந்தீங்கன்னா அந்த மொத்த துண்டும்தான் இன்சர்ட்.

இப்ப ஏன் நீளம் தேவைப்படுதுன்னு பாப்போம். எங்க லேப்ல புதுசா சேந்த தங்கச்சி ஒருத்தி நான் எழுதிட்டு இருக்கறதைப் பாத்துட்டு கேட்டா, "அக்கா, ரெண்டுமே நானோகிராம்லதான இருக்கு, 3:1-ன்னா வெக்டர் 50 போட்டு இன்சர்ட் 150 போட்டுடலாமே, எதுக்கு நடுவுல இந்த வகுத்தல்?" நல்ல கேள்வி, எல்லாருக்கும் முதல்ல வர்றதும் இதுதான். லைகேஸ் எடை பாக்காது, அது பாக்கறது முனையை. ஒவ்வொரு துண்டுக்கும் அது எவ்வளவு நீளமா இருந்தாலும் ரெண்டே முனைதான். ஒரு கிலோ எலுமிச்சம்பழமும் ஒரு கிலோ பூசணிக்காயும் வாங்கினா எடை ஒண்ணு, எண்ணிக்கை வேற, அதே மாதிரிதான் 50 நானோகிராம் 720 பேஸ் பேர் துண்டும் 50 நானோகிராம் 5289 பேஸ் பேர் துண்டும். ரெண்டையும் சம எடைல போட்டாலே இன்சர்ட் 7.3 மடங்கு அதிகமா இருக்கும் (5289-ஐ 720-ஆல வகுத்துப் பாருங்க). தங்கச்சி சொன்ன மாதிரி 150-ம் 50-ம் போட்டா உண்மையான மோலார் ரேஷியோ 22:1.

அதனால ஃபார்முலா இப்படி வருது:

```
insert_ng = vector_ng * (insert_bp / vector_bp) * ratio
```

நம்ம நம்பரைப் போட்டா:

```
50 * (720 / 5289) * 3 = 20.4 ng
```

வெக்டர் 50 நானோகிராம், இன்சர்ட் 20.4 நானோகிராம். எடைல பாத்தா இன்சர்ட் கம்மி, எண்ணிக்கைல மூணு மடங்கு அதிகம். இதை நான் எப்பவும் இன்னொரு வழில சரிபாத்துக்குவேன், ரெண்டையும் தனித்தனியா பிகோமோலா மாத்திட்டு வகுத்துப் பாக்கறது. டபுள் ஸ்ட்ராண்ட் டிஎன்ஏ-ல ஒரு பேஸ் பேருக்கு சராசரியா 650 டால்டன்னு வச்சுக்கிட்டா:

```
pmol = ng * 1000 / (bp * 650)

vector: 50   * 1000 / (5289 * 650) = 0.0145 pmol
insert: 20.4 * 1000 / (720  * 650) = 0.0436 pmol
```

0.0436-ஐ 0.0145-ஆல வகுத்தா 3. சிலர் 650 போடுவாங்க, சிலர் 660 போடுவாங்க, 617.96 போடற கால்குலேட்டரும் இருக்கு, ரேஷியோவுக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான் ஏன்னா மேலயும் கீழயும் அடிபட்டுடும். அடிபடாத ஒரே இடம், ஒரு பக்கம் டபுள் ஸ்ட்ராண்ட், இன்னொரு பக்கம் சிங்கிள் ஸ்ட்ராண்ட் ஆலிகோன்னு கலந்து கணக்கு போடறப்ப, அங்க கவனமா இருக்கணும். பிகோமோல்ல பாக்கறதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், டியூப்ல எத்தனை மாலிக்யூல் இருக்குன்னு ஒரு பிடிமானம் கிடைக்குது: 0.0145 பிகோமோல்னா சுமார் 870 கோடி வெக்டர், 0.0436-ன்னா சுமார் 2600 கோடி இன்சர்ட். இந்தக் கூட்டத்துல ஒரு சின்ன பங்கு சரியா சேந்து வட்டமாகி, அதுல ஒரு சின்ன பங்கு செல்லுக்குள்ள போனா போதும், பிளேட் நிறைஞ்சிடும்.

ரேஷியோவை எழுதற வரிசையையும் இங்கயே சொல்லிடறேன். நான் எழுதற 3:1-ன்னா இன்சர்ட் மூணு, வெக்டர் ஒண்ணு. சில புரோட்டோகால்ல 1:3-ன்னு எழுதி வெக்டரை முதல்ல சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா கால்குலேட்டர்ல தலைகீழா போட்டுட்டா இன்சர்ட் 2.3 நானோகிராம்னு வரும். அப்படி ஒரு குட்டி நம்பர் வந்தா உடனே சந்தேகப்படணும்.

இனிமேதான் விஷயம். 50 நானோகிராம் வெக்டர், 20.4 நானோகிராம் இன்சர்ட்டுன்னு பேப்பர்ல வந்துடுச்சு, இதை மைக்ரோலிட்டரா மாத்த கான்சன்ட்ரேஷன் வேணும். ரெண்டு துண்டையும் ஜெல்ல ஓட்டி, வெட்டி, கிட்ல கிளீன் பண்ணி எலூட் எடுத்தேன், நானோடிராப்ல வச்சேன். வெக்டர் 31.4 நானோகிராம் ஒரு மைக்ரோலிட்டருக்கு, இன்சர்ட் 18.6. 260/280 ரெண்டுலயும் 1.8-க்கு மேல, அழகா இருந்துச்சு. 260/230 மட்டும் வெக்டர்ல 0.6, இன்சர்ட்ல 0.1-ஐ ஒட்டி. நிறைய பேர் இந்த 260/230 கம்மியா இருந்தா "ஜெல் கிட்னாலே அப்படித்தான் வரும்"னு தாண்டிப் போயிடுவாங்க, ஒரு வகைல அது உண்மைதான், ஜெல்லைக் கரைக்கற பஃபர்ல இருக்கற குவானிடின் உப்பு 230-க்கு கீழ ரொம்ப உறிஞ்சும், கொஞ்சூண்டு மிச்சம் இருந்தாலே அந்த நம்பர் விழுந்துடும், அதனால மட்டும் 260 ரீடிங் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது.

ஆனா நம்பரை விட்டுட்டு கர்வைப் பாருங்க. என் வெக்டர் கர்வ்ல 230 பக்கம் ஒரு பள்ளம் லேசா தெரிஞ்சுது, அப்புறம் 260-ல ஒரு மேடு, அது டிஎன்ஏ-ன்னு கண்ணுக்கே தெரியும். இன்சர்ட் கர்வ்ல பள்ளமே இல்ல, 220-ல இருந்து ஒரே சரிவா இறங்கி வந்து 260 கிட்ட ஒரு சின்ன தோள்பட்டை மாதிரி நின்னு மறுபடி இறங்குச்சு. அப்படி இருந்தா 260-ல காட்டற உயரம் முழுக்க டிஎன்ஏ-வோடது இல்ல, அந்தச் சரிவு மேல டிஎன்ஏ ஏறி நிக்குது, மெஷின் ரெண்டையும் சேத்து ஒரே உயரமா எடுத்துக்குது. நானோடிராப் பண்றது ரொம்ப எளிமையான வேலை, 260-ல அப்சார்பன்ஸ் 1 இருந்தா 50 நானோகிராம் ஒரு மைக்ரோலிட்டருக்குன்னு பெருக்கிச் சொல்லுது, அவ்வளவுதான். 18.6-ன்னா அப்சார்பன்ஸ் 0.372. அதுல பாதி வேற எதுவோன்னா அதுக்குத் தெரியாது. கான்சன்ட்ரேஷன் 200, 300-ன்னு இருக்கற மினிபிரெப்ல இந்தச் சின்ன பின்னணி கண்டுக்கற அளவுக்கு இருக்காது. எலூட் பத்து இருபதுன்னு இருக்கறப்ப அதே பின்னணி கணக்கையே புரட்டிடும். லைகேஷனுக்கு நாம கொண்டு போறது எப்பவும் இந்த மாதிரி சன்னமான ஜெல் எலூட்தான்ங்கறதுதான் இதுல சிக்கலே.

அதனால ரெண்டையும் கியூபிட்ல வச்சேன். அதுல இருக்கற டை டபுள் ஸ்ட்ராண்ட் டிஎன்ஏ-ல ஒட்டினாத்தான் ஒளிரும், குவானிடினோ, தனி நியூக்ளியோடைடோ, உடைஞ்ச ஆர்என்ஏ-வோ இருந்தா அதைப் பெருசா கண்டுக்காது. வெக்டர் 27.0, இன்சர்ட் 9.2. வெக்டர்ல வித்தியாசம் சின்னது, இன்சர்ட் சரியா பாதிக்கு வந்துடுச்சு.

கியூபிட் இல்லாத லேப்தான் நம்மள்ல பலருக்கு, அவங்களுக்கு ஜெல்லே போதும், நானும் ஒரு தடவை ஜெல்ல ஓட்டிப் பாத்துடுவேன், ஏன்னா அது ரெண்டாவது சாட்சி மட்டும் இல்ல, துண்டு ஒரே பேண்டா இருக்கா, வெட்டாத பிளாஸ்மிட் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னும் காட்டிடும். எங்ககிட்ட இருக்கறது நியூ இங்கிலாந்து பயோலேப்ஸோட 1 கிலோபேஸ் லேடர். அதுல 500 நானோகிராம் ஏத்தினா 3 கிலோபேஸ் பேண்ட் மட்டும் 125 நானோகிராம், அதுதான் பளிச்சுன்னு அடையாளத்துக்கு நிக்கற பேண்ட். 6 கிலோபேஸ் 50, 5 கிலோபேஸ் 42, 1 கிலோபேஸும் 42. இன்சர்ட்ல 4 மைக்ரோலிட்டர் ஏத்தினேன். நானோடிராப் சொல்றது உண்மையா இருந்தா 74 நானோகிராம் இருக்கணும், 1 கிலோபேஸ் பேண்டை விட நல்லாவே பிரகாசமா தெரியணும். கியூபிட் உண்மைன்னா 37, அந்த 42-க்கு ஒரு நூல் மங்கலா இருக்கணும். மங்கலாத்தான் இருந்துச்சு. வெக்டர்ல 2 மைக்ரோலிட்டர் ஏத்தினேன், 6 கிலோபேஸ் பேண்டை விட ஒரு துளி தூக்கலா இருந்துச்சு, 54-க்கு அது பொருந்துது. பக்கத்துப் பக்கத்து நீளத்துல இருக்கற லேடர் பேண்டோட ஒப்பிடறதுதான் நல்லது, கண்ணால 20 சதவீத வித்தியாசம் எல்லாம் பிடிக்க முடியாது, ஆனா ரெண்டு மடங்கு வித்தியாசம் யார் கண்ணுக்கும் தப்பாது, நமக்குத் தேவையும் அவ்வளவுதான்.

இந்த லேடர்லயே தங்கச்சிக்கு அந்த மோலார் விஷயத்தைக் காட்டிட்டேன். 5 கிலோபேஸ் பேண்டும் 1 கிலோபேஸ் பேண்டும் ஒரே 42 நானோகிராம், அதனால ஏறக்குறைய ஒரே பிரகாசம், டை ஒட்டறது எடைக்குத் தகுந்த மாதிரி. ஆனா 1 கிலோபேஸ் பேண்டுக்குள்ள இருக்கற துண்டு எண்ணிக்கை அஞ்சு மடங்கு. "அப்ப ஜெல்ல இன்சர்ட் வெக்டர் அளவுக்கு பளிச்சுன்னு தெரியலன்னு கவலையே படக்கூடாதுக்கா"ன்னா. ஆமா, 3:1-க்கு எடுக்கற அளவை அப்படியே ஜெல்ல ஓட்டினா இன்சர்ட் பேண்ட் வெக்டரோட பாதிக்கும் கம்மி பிரகாசத்துலதான் நிக்கும்.

இப்ப கியூபிட் நம்பர்ல வால்யூம். வெக்டர் 50-ஐ 27.0-ஆல வகுத்தா 1.85, இன்சர்ட் 20.4-ஐ 9.2-ஆல வகுத்தா 2.2 மைக்ரோலிட்டர். பிப்பெட்ல வெக்டரை 1.9-ன்னு எடுத்தேன், அப்ப உண்மையான ரேஷியோ 2.9, அது போதும். மொத்தம் 20 மைக்ரோலிட்டர் ரியாக்ஷன், 10 மடங்கு பஃபர் 2, டி4 லைகேஸ் 1, மிச்சம் தண்ணி 12.9. லைகேஸை எப்பவும் கடைசில.

நானோடிராப் நம்பரையே நம்பி போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? வெக்டர் 1.6 மைக்ரோலிட்டர், இன்சர்ட் 1.1 மைக்ரோலிட்டர் வந்திருக்கும். நிஜத்துல அதுல இருக்கறது வெக்டர் 43 நானோகிராம், இன்சர்ட் 10 நானோகிராம். மோலார்ல போட்டுப் பாத்தா 1.7:1. இதை நேர்மையா சொல்லணும், 1.7-ம் வேலை செய்யும். ஒட்டற முனைகளுக்கு 1:1-ல இருந்து 10:1 வரைக்கும் எங்கயாவது இருந்தாலே காலனி வந்துடும், 3-ங்கறது நடுவுல ஒரு வசதியான இடம், அவ்வளவுதான். அப்ப எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னா, நமக்குத் தெரியாம நடக்கற தப்பு ஒண்ணோட நிக்காது. எடை பாதி, அதுல முனை சரியா வெட்டுப்படாதது இன்னொரு பாதி, வெக்டர் ரீடிங் வேற பக்கம் கொஞ்சம்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா 3-ன்னு நாம நினைக்கறது ஒண்ணுக்கும் கீழ போயிடும், பிளேட்ல காலனி இல்லாதப்ப எதைச் சந்தேகப்படறதுன்னே தெரியாது. எடையை ஒழுங்கா அளந்துட்டா அந்தப் பட்டியல்ல ஒண்ணு அடிபட்டுடும்.

முனை விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கியூபிட்டும் இதைக் காட்டாது. கியூபிட் அளக்கறது டிஎன்ஏ-வோட எடை, லைகேஷனுக்கு வேண்டியது ஒட்டக்கூடிய முனை உள்ள டிஎன்ஏ. பிசிஆர் துண்டோட ஓரத்துல சைட் இருந்தா என்சைம் பிடிச்சு நிக்க அந்தப் பக்கம் கொஞ்சம் எழுத்து வேணும், என்டீ-1 இதுல கொஞ்சம் அடம் பிடிக்கற என்சைம்னு பேர் வாங்கினது, அதனாலதான் பிரைமர்ல ஆறு எழுத்து கூடுதலா வச்சது. வெட்டுப்பட்ட 720-ம் வெட்டுப்படாத 740-ம் சாதாரண அகரோஸ் ஜெல்ல பிரிஞ்சு தெரியாது, ஒரே பேண்ட்தான். அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு நல்ல வழி இருக்கு. இன்சர்ட்டை மட்டும் கொஞ்சம் எடுத்து, வெக்டர் இல்லாம, லைகேஸோட வச்சுட்டு, அப்புறம் ஜெல்ல ஓட்டுங்க. ரெண்டு ஓவர்ஹேங்கும் தன்னைத் தானே ஒட்டிக்கற வகை, எக்ஸோ முனை எக்ஸோ முனையோட, என்டீ முனை என்டீ முனையோட. முனை நல்லா இருந்தா 720 பேண்ட் குறைஞ்சு 1440-ல ஒண்ணு, 2160-ல ஒண்ணுன்னு மேல படிப்படியா ஏறும். ஒரு முனை மட்டும் வெட்டுப்பட்டிருந்தா 1440 தாண்டாம நின்னுடும். ரெண்டும் கெட்டிருந்தா 720 அப்படியே இருக்கும். ஓட்டறதுக்கு முன்னாடி 65 டிகிரில பத்து நிமிஷம் வச்சு லைகேஸைக் கொன்னுடுங்க, லோடிங் டைல எஸ்டிஎஸ் இருந்தா இன்னும் நல்லது, இல்லன்னா லைகேஸ் டிஎன்ஏ-வோட ஒட்டிக்கிட்டு பேண்டை இழுத்து வச்சு குழப்பும். எனக்கு 2160-ம் அதுக்கு மேலயும் தெரிஞ்சுது, 720-ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. மிச்சம் இருக்கற அந்தப் பங்குக்காகத்தான் 1:1 போடாம 3:1 போடறோம்னு வச்சுக்கலாம்.

அப்படின்னா இன்னும் அள்ளிப் போட்டா என்ன, 20:1 போட்டா பத்திரம்தானேன்னு தோணும். ரெண்டு படில நடக்கற வேலை இது. முதல் படில ஒரு வெக்டர் முனையும் ஒரு இன்சர்ட் முனையும் சந்திக்கணும், இதுக்கு இன்சர்ட் கூட்டமா இருந்தா நல்லது. ரெண்டாவது படில அதே துண்டோட மறு முனை தன்னோட வெக்டரோட மறு முனையை வந்து பிடிச்சு வட்டமாகணும், இதுக்குக் கூட்டம் கம்மியா இருந்தாத்தான் நல்லது. இன்சர்ட் அளவுக்கு மீறிப் போனா வெக்டரோட இந்த முனைல ஒரு இன்சர்ட்டும் அந்த முனைல வேற ஒரு இன்சர்ட்டும் ஒட்டிக்கும், வட்டமாக வழி அடைபட்டுடும், நீளமான துண்டாவே நின்னுடும், நேர்கோட்டு டிஎன்ஏ செல்லுக்குள்ள போய் காலனி தர்றது ரொம்ப அபூர்வம். மொத்த டிஎன்ஏ-வுக்கும் இதே கதைதான், ஒரு மைக்ரோலிட்டருக்கு 1-ல இருந்து 10 நானோகிராம்குள்ள வச்சுக்கறது நல்லது, என் டியூப்ல 70 நானோகிராம் 20 மைக்ரோலிட்டர்ல, அதாவது 3.5. பிளன்ட் முனைன்னா இன்சர்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் போடுவாங்க, அது வேற கணக்கு.

இன்சர்ட் ரொம்ப சன்னமா இருந்தா, ஒரு மைக்ரோலிட்டருக்கு 2 நானோகிராம்தான்னு வச்சுக்கோங்க, 20.4-க்கு பத்து மைக்ரோலிட்டர் ஊத்தணும். தண்ணிக்கு இடம் இருக்கு, ஊத்தலாம்னு தோணும், நான் ஊத்த மாட்டேன். 260/230 அவ்வளவு கீழ இருக்கற எலூட்னா அதோட சேந்து குவானிடினும் ஆல்கஹாலும் பாதி டியூப் நிறையும், எலூஷன் பஃபர்ல ஈடிடிஏ இருந்தா லைகேஸுக்கு வேண்டிய மெக்னீசியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். அதுக்குப் பதிலா வெக்டரை 25-க்கு இறக்குங்க, இன்சர்ட் 10.2 போதும், அஞ்சு மைக்ரோலிட்டர்ல முடிஞ்சிடும், ரேஷியோ அதே 3. ரேஷியோவைக் காப்பாத்த அளவைக் குறைக்கறதுல தப்பே இல்ல. சின்ன துண்டு போடறவங்களுக்கு இதோட மறுபக்கம் வரும்: 60 பேஸ் பேர் ஆலிகோ ஜோடின்னா 50 நானோகிராம் வெக்டருக்கு 1.7 நானோகிராம்தான் வேணும், ஸ்டாக்கை நேர்த்து வச்சுட்டுத்தான் எடுக்கணும், "கொஞ்சம் கூட இருக்கட்டும்"னு 50 நானோகிராம் போட்டா ரேஷியோ 88-க்குப் போயிடும்.

பஃபர் பத்தி ஒரே வார்த்தை. அதுல ஏடிபி இருக்கு, திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சா ஏடிபி போயிடும், அப்ப எந்த ரேஷியோவும் காப்பாத்தாது. வாங்கினதும் சின்ன சின்ன டியூப்ல பிரிச்சு வச்சுடணும்.

ரியாக்ஷன் ராத்திரி முழுக்க 16 டிகிரில. ரூம் டெம்பரேச்சர்ல பத்து நிமிஷம் போதும்னு புரோட்டோகால்ல இருக்கும், இருந்தாலும் என்டீ-1 விடற ஓவர்ஹேங் ரெண்டே எழுத்து, எக்ஸோ-1 மாதிரி நாலு இல்ல, பிடிப்பு கம்மி, அதனால நான் ராத்திரி விட்டுடுவேன். மொத்தம் நாலு டியூப்: கியூபிட் கணக்குப்படி ஒண்ணு, நானோடிராப் கணக்குப்படி ஒண்ணு, தங்கச்சி ஆசைப்பட்ட 150-க்கு 50 ஒண்ணு, வெக்டர் மட்டும் லைகேஸோட ஒண்ணு. அந்த 22:1 டியூப்புக்கு மட்டும் இன்சர்ட்டை பதினாறு மைக்ரோலிட்டருக்கு மேல ஊத்த வேண்டி வந்துச்சு, மொத்தம் 20 மைக்ரோலிட்டரைத் தாண்டிடுச்சு, அது ரேஷியோவை மட்டும் சோதிக்கற டியூப் இல்லங்கறதை மனசுல வச்சுக்கணும், அதோட அழுக்கும் உள்ள இருக்கு. காலைல 65 டிகிரி, பத்து நிமிஷம், ஐஸ்ல வச்சுட்டு ஒவ்வொண்ணுலயும் 2 மைக்ரோலிட்டர் எடுத்து டிஹெச்5 ஆல்ஃபா செல்லுல டிரான்ஸ்ஃபார்ம் பண்ணி கனாமைசின் பிளேட்ல.

வெக்டர் மட்டும் போட்ட பிளேட்ல விரல் விட்டு எண்ணக்கூடிய காலனி. இந்த பிளேட்டைப் பாக்காம மத்த எதையும் படிக்கக்கூடாது, இதுல வர்றதெல்லாம் வெட்டாம தப்பிச்ச பிளாஸ்மிட், இல்லன்னா ஒரு என்சைம் மட்டும் வெட்டி மறுபடி ஒட்டிக்கிட்டது. கியூபிட் பிளேட் நூத்தைம்பதை ஒட்டி, நானோடிராப் பிளேட் நூறுக்குக் கொஞ்சம் மேல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஒரே செல்லை ரெண்டு தடவை டிரான்ஸ்ஃபார்ம் பண்ணினாலே இவ்வளவு ஆடும். மூணாவது பிளேட் அதுல பாதிக்கும் கீழ இருந்துச்சு, தங்கச்சி அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா. காலனி பச்சையா இல்லையேன்னும் கேட்டா, டிஹெச்5 ஆல்ஃபால டி7 பாலிமரேஸ் கிடையாது, பெட் வெக்டர்ல இருக்கற ஜீன் அதுல சும்மாத்தான் உக்காந்திருக்கும், பச்சையைப் பாக்கணும்னா பிஎல்21 டிஇ3-க்கு மாத்தணும்.

கியூபிட் பிளேட்ல இருந்து எட்டு காலனி எடுத்து டி7 புரோமோட்டர், டி7 டெர்மினேட்டர் பிரைமர்ல காலனி பிசிஆர். காலி வெக்டர்னா 300-ஐ ஒட்டி வரும், ஈஜிஎஃப்பி இருந்தா 950-ஐ ஒட்டி. ஏழுல 950, ஒண்ணுல 300. அந்த ஏழுல மூணை மினிபிரெப் எடுத்து சீக்வென்சிங்குக்கு அனுப்பியிருக்கேன்.